உத்தரவாத அட்டையைக் கேட்டு எழுதும் கடிதம்

மாணவர்களே, வாங்கிய பொருளின் பெட்டியில் உத்தரவாத அட்டை இல்லை, விற்பனையாளருக்குக் கடிதம் எழுதுக என்று வினா வந்தால் பலர் "நீங்கள் என்னை ஏமாற்றிவிட்டீர்கள்" என்றே தொடங்குகிறார்கள். அப்படிச் சொல்ல இங்கே ஆதாரம் எதுவும் இல்லை. பல கடைகளில் அட்டையை வெளியே எடுத்து, திகதியிட்டு, முத்திரை குத்தித் தருவார்கள். அவ்வேளையில் அது காசாளர் மேசையிலேயே தங்கிவிடுவதுண்டு. சில உற்பத்தியாளர்கள் அட்டையைப் பாவனைக் கைநூலின் கடைசிப் பக்கமாகவே அச்சிடுகிறார்கள். ஆகவே கைநூலை இறுதிவரை புரட்டிப் பார்த்த பின்னரே எழுத வேண்டும். பார்த்ததைக் கடிதத்திலும் சொல்ல வேண்டும்.

இனிக் கடைக்காரரின் இடத்தில் இருந்து யோசியுங்கள். ஒரே நாளில் பல மின்விசிறிகளை விற்றவருக்கு "நான் வாங்கிய மின்விசிறி" என்றால் என்ன விளங்கும்? பற்றுச்சீட்டின் இலக்கமும் திகதியும் விற்பனையை அடையாளங் காட்டும். தொடரிலக்கம் பொருளை அடையாளங் காட்டும். தொடரிலக்கத்தைப் பெட்டியிலிருந்து எழுதாமல், பொருளின் அடியிலோ பின்புறத்திலோ ஒட்டப்பட்டுள்ள சிட்டையைப் பார்த்து எழுதுங்கள். காட்சிக்கு வைத்த பொருளை வேறொரு பெட்டியில் இட்டுத் தந்திருந்தால் இரண்டு இலக்கங்களும் வேறுபடும். பின்னர் பழுது பார்க்கக் கொண்டு போகும்போதுதான் அது தெரியவரும்.

கடிதத்தின் உடற்பகுதி இவ்வாறு அமையலாம்:

"ஐயா, கடந்த 12ஆம் திகதி தங்கள் கடையில் மேசை மின்விசிறி ஒன்றைக் கொள்வனவு செய்தேன். பற்றுச்சீட்டு இலக்கம் 4187. மின்விசிறியின் தொடரிலக்கம் 306552. வீட்டில் பெட்டியைத் திறந்தபோது உத்தரவாத அட்டை காணப்படவில்லை. பாவனைக் கைநூலிலும் தேடிப் பார்த்தேன். மின்விசிறி நன்றாக இயங்குகிறது. கொள்வனவுத் திகதியும் தங்கள் முத்திரையும் இட்ட அட்டையொன்றைத் தந்துதவுமாறு தயவுடன் கேட்டுக்கொள்கிறேன். எதிர்வரும் சனிக்கிழமை நேரில் வந்து பெற்றுக்கொள்ள முடியும். பற்றுச்சீட்டின் பிரதியை இத்துடன் இணைத்துள்ளேன்."

"நீங்கள் வைக்கவில்லை" என்று எழுதாமல் "காணப்படவில்லை" என்று எழுதியிருப்பதைக் கவனியுங்கள். செய்தி ஒன்றுதான், ஆனால் குற்றச்சாட்டு நீங்கிவிட்டது. "மின்விசிறி நன்றாக இயங்குகிறது" என்ற வசனத்தை மேலதிகமானது என்று வெட்டிவிடாதீர்கள். பொருளைத் திருப்பித் தரவோ பணத்தை மீளக் கேட்கவோ வரவில்லை என்பதைக் கடைக்காரருக்கு அதுவே உணர்த்துகிறது.

பற்றுச்சீட்டின் மூலப்பிரதியை ஒருபோதும் அனுப்ப வேண்டாம். அட்டை கிடைக்கும்வரை கொள்வனவுக்கு உங்களிடமுள்ள சான்று அது ஒன்றே. பற்றுச்சீட்டே தரப்படவில்லையெனில் கடிதத்தில் முதலில் அதைக் கேளுங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி, வாங்குபவர் கேட்டால் வியாபாரி பற்றுச்சீட்டு வழங்க வேண்டும். ஆனால் முதற் கடிதத்தில் சட்டத்தை எழுத வேண்டாம். மறுமொழி வராதபோது எழுதும் இரண்டாம் கடிதத்துக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள்.