தங்கச்சியோட ஸ்காலர்ஷிப் கட்டுரையைத் திருத்தப் போறீங்களா?

சத்துவாச்சாரி மாணவி ஒருத்தரோட கட்டுரையைப் பார்த்தேன். கேள்வி ரெண்டு: குடும்பச் சூழல் என்ன, பணம் எதுக்கு? பக்கம் முழுக்க ‘கண்ணீரே எங்கள் உணவு’ மாதிரி வரிகள். ரெண்டாவது கேள்விக்குப் பதிலே இல்லை.

அப்பாவுக்கு ஆம்பூர் ஷூ கம்பெனியில மாசம் 12,000 சம்பளம்னு எழுதியிருந்தார். அப்படின்னா வருஷத்துக்கு 1,44,000. ஆனா, இணைக்கப் போற வருமானச் சான்றிதழ்ல 1,20,000. படிக்கிறவருக்குச் சந்தேகம் வருமே?

கேட்டேன். “ஆர்டர் இல்லாத ரெண்டு மாசம் அப்பாவுக்கு வேலை இருக்காது சார்” என்றார். கணக்கு சரியாயிடுச்சு. கஷ்டமும் புரிஞ்சிடுச்சு. அதையே முதல் வரியாக்கி, கண்ணீர் வரிகளை அடிச்சோம்.

கடைசியில இதைச் சேர்த்தோம்: கல்லூரிக் கட்டணம் 60,000, வீட்டுல கட்ட முடிஞ்சது 35,000, கேட்கிறது மீதி 25,000.

நீங்களும் முதல்ல சான்றிதழைப் பக்கத்துல வெச்சுட்டுப் படிங்க.