எஸ்.பி.எல். ஆன மறுநாள் எழுதும் நாலு வரி

ஜூன், ஜூலை மாதங்களில் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் ஒரு தேர்தல் காலம் வந்து போகும். எஸ்.பி.எல். என்று மாணவர்கள் சுருக்கமாகச் சொல்லும் பள்ளி மாணவர் தலைவர் பதவிக்குப் போட்டி நடக்கும். சில பள்ளிகளில் வாக்குச் சீட்டு, சில பள்ளிகளில் கணினி ஆய்வகத்தில் மடிக்கணினியைத் தட்டி வாக்குப்பதிவு. ஆசிரியர்கள் நேர்முகம் வைத்துப் பெயர்களை வடிகட்டிய பிறகே தேர்தலுக்கு விடும் பள்ளிகளும் உண்டு. முடிவு வந்த சில நாளில் பதவியேற்பு விழா. சட்டையில் பேட்ஜ் குத்தி, தோளில் சாஷ் மாட்டி, கையில் பள்ளிக் கொடியைக் கொடுப்பார்கள். படம் எடுப்பார்கள்.

அந்தப் படம் அன்று மாலையே இன்ஸ்டாகிராமுக்குப் போகிறது. போவதற்கு முன்னால்தான் சிக்கல். கீழே என்ன எழுதுவது? பெருமையாக எழுதினால் "பதவி வந்ததும் ஆள் மாறிட்டா" என்பார்கள். ஒன்றுமே எழுதாமல் ஒரு கும்பிடு எமோஜியோடு விட்டால், ஓட்டுப் போட்டவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பார்கள். பதினாறு வயதுக்கு இது சின்னக் கவலை இல்லை. ஏனென்றால் அதைப் படிக்கப் போகிறவர்களோடுதான் மறுநாள் காலை பிரேயரில் நிற்க வேண்டும்.

ஒரு கற்பனை மாணவியை எடுத்துக்கொள்வோம். பதினொன்றாம் வகுப்பு 'பி' பிரிவு. மூன்று பேர் போட்டியிட்ட தேர்தலில் ஜெயித்திருக்கிறாள். மதிய இடைவேளையில் நூலகத்தைத் திறந்து வைக்கக் கேட்பேன் என்பது அவள் சொன்ன வாக்குறுதி. முதல் முயற்சியில் அவள் எழுதியது இப்படி இருக்கலாம்: "இந்தப் பதவிக்கு நான் தகுதியானவளே இல்லை. எப்படி ஜெயிச்சேன்னே தெரியல! எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி."

படிக்கப் பணிவாகத்தான் இருக்கிறது. ஆனால் அவள் ஒரு வாரம் வகுப்பு வகுப்பாகப் போய் ஓட்டுக் கேட்டதை எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். எப்படி ஜெயித்தாள் என்று அவளுக்குத் தெரியாமல் இருக்க வழியில்லை. தகுதியில்லை என்று அவள் சொன்னால், தகுதி இருக்கிறது என்று நம்பி ஓட்டுப் போட்டவர்கள் ஏமாந்துவிட்டார்கள் என்றல்லவா ஆகிறது?

தன்னைத் தாழ்த்திக்கொள்வது போல் பேசி உள்ளே பெருமையை வைக்கும் இந்தப் பழக்கத்தை ஆய்வாளர்கள் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். ஓவுல் செசர், பிரான்செஸ்கா ஜினோ, மைக்கேல் நார்ட்டன் ஆகியோர் 2018-இல் வெளியிட்ட ஆய்வு அது. அவர்கள் கண்டது கொஞ்சம் வேடிக்கையானது. நேரடியாகப் பெருமை பேசுகிறவரைக்கூட மனிதர்கள் ஓரளவு பொறுத்துக்கொள்கிறார்கள். பணிவு வேஷம் போட்டுப் பெருமை பேசுகிறவரை அதைவிடக் குறைவாகவே விரும்புகிறார்கள். காரணம், அவர் உண்மையாகப் பேசவில்லை என்ற எண்ணம். ஆக, "ஜெயித்ததில் சந்தோஷமாக இருக்கிறேன்" என்று பளிச்சென்று எழுதிவிடுவதே நல்லது. சந்தோஷத்தை ஒளிக்க முயன்றால்தான் அது அசிங்கமாக வெளியே தெரிகிறது.

அடுத்த சிக்கல் அந்த "எல்லாருக்கும்". எல்லாருக்கும் சொன்ன நன்றியைத் தன்னுடையதாக யாரும் எடுத்துக்கொள்வதில்லை. நன்றி சொல்வதிலும் இரண்டு வகை இருப்பதை அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழக உளவியலாளர் சாரா அல்கோவும் சகாக்களும் 2016-இல் எழுதினார்கள். ஒன்று, எனக்கு என்ன கிடைத்தது என்று சொல்வது: "உன்னால எனக்கு நிம்மதியா இருந்துச்சு." இன்னொன்று, நீ என்ன செய்தாய் என்று சொல்வது: "உனக்குப் பரீட்சை இருந்தும் எனக்காக உட்கார்ந்து எழுதிக் கொடுத்தியே." அவர்கள் ஜோடிகளை வைத்துச் செய்த ஆய்வில், இரண்டாவது வகை நன்றியைக் கேட்டவர்கள்தான் கூடுதலாக மனம் மகிழ்ந்தார்கள். முதல் வகையில் அந்த விளைவு தெரியவில்லை. காதலர்களை வைத்துக் கண்டது வகுப்புத் தோழர்களுக்கு அப்படியே பொருந்துமா என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் "என் கனவு நனவான நாள்", "என் வாழ்வின் மறக்க முடியாத தருணம்" என்று தொடங்கும் கேப்ஷன்களை நாலு பேர் வரிசையாகப் போட்டிருக்கும்போது படித்துப் பாருங்கள். எல்லாமே ஒரே ஆளைப் பற்றித்தான் பேசும்.

நம் மாணவி இப்போது யார் என்ன செய்தார்கள் என்று யோசிக்கிறாள். பேச்சை ஒருத்தி எழுதிக் கொடுத்தாள். இடைவேளைகளில் இரண்டு பேர் கூடவே வந்து கீழ் வகுப்புகளில் ஓட்டுக் கேட்டார்கள். மேடையில் பாதிப் பேச்சு மறந்துபோய் நின்றபோது, பின்வரிசையிலிருந்து ஒருவன் "நூலகம்!" என்று கத்தி எடுத்துக்கொடுத்தான். இந்த மூன்றில் ஒன்றை எழுதினாலே போதும், கேப்ஷன் அவளுடையதாகிவிடும். வேறு எந்தப் பள்ளியின் எந்தத் தலைவரும் அதைத் தன் படத்துக்குக் கீழே ஒட்ட முடியாது. மேடையில் மறந்துபோனதையும் தயங்காமல் எழுதலாம். நடந்ததை நடந்தபடி சொன்னாலே பணிவு வந்துவிடும், தனியாகச் சேர்க்க வேண்டியதில்லை.

இனி எல்லாரும் தவறவிடும் இடம். ரகசிய வாக்கெடுப்பில் யார் யாருக்குப் போட்டார்கள் என்பது தெரியாது. மூன்று பேர் நின்ற தேர்தலில் ஜெயித்தவருக்குப் பாதிக்கு மேல் ஓட்டு விழுந்திருக்க வேண்டும் என்றும் இல்லை. நாற்பது சதவீதம் வாங்கியவர் ஜெயிக்கலாம்; அப்படியென்றால் வரிசையில் நிற்கும் பத்துப் பேரில் ஆறு பேர் வேறொருவருக்குப் போட்டவர்கள். "எனக்கு ஓட்டுப் போட்ட ஒவ்வொருவருக்கும் நன்றி" என்று மட்டும் எழுதினால், அந்த ஆறு பேரும் தங்களுக்கு இதில் பங்கில்லை என்று கடந்து போவார்கள். இவள் எஸ்.பி.எல். என்றால் அவர்களுக்கும் எஸ்.பி.எல். தானே?

பெரியவர்களின் தேர்தலிலும் இந்த முடிச்சை அவிழ்த்துத்தான் ஆக வேண்டும். 2008 நவம்பரில் சிகாகோவில் வெற்றி உரை ஆற்றிய ஒபாமா, தனக்கு வாக்களிக்காதவர்களைத் தனியாக அழைத்து, அவர்கள் குரலும் தன் காதில் விழுகிறது என்ற பொருளில் பேசினார். தமிழ்நாட்டில் 2021-இல் வென்ற மு.க.ஸ்டாலின் சொன்னது நம் வாசகர்களுக்கு நினைவிருக்கும்: வாக்களித்தவர்கள் மகிழும்படியும், வாக்களிக்காதவர்கள் 'இவருக்குப் போடாமல் விட்டோமே' என்று வருந்தும்படியும் பணியாற்றுவேன் என்றார். முதல்வர் பதவிக்கு அது எடுப்பான பேச்சு. பதினொன்றாம் வகுப்புப் பிள்ளை அதைக் கடன் வாங்கினால், பக்கத்து பெஞ்சில் இருப்பவனுக்குக் குத்தலாகத்தான் கேட்கும். மாணவிக்கு எளிய வழி ஒன்று இருக்கிறது. தோற்ற வேட்பாளர் பேசியதில் நல்லதாக ஒன்றை எடுத்து, அதையும் செய்யப் பார்க்கிறேன் என்று எழுதிவிடலாம். மைதானத்தில் குடிநீர்க் குழாய் வேண்டும் என்று ஒருவன் கேட்டிருந்தால் அது இப்போது அவள் வேலை. அவனுக்கு ஓட்டுப் போட்டவர்களுக்கு அந்த ஒரு வரி போதும்.

ஓட்டு எண்ணிக்கையையும் வித்தியாசத்தையும் எழுதாமல் விடுவது நல்லது. எத்தனை ஓட்டில் ஜெயித்தாள் என்பது தோற்றவன் எத்தனை ஓட்டில் தோற்றான் என்பதும்தான்.

நீளம் பற்றியும் சொல்ல வேண்டும். இன்ஸ்டாகிராமில் ஒரு கேப்ஷன் 2,200 எழுத்துக்குறிகள் வரை போகலாம். ஆனால் திரையில் முதலில் தெரிவது ஏறத்தாழ 125 குறிகள் மட்டும்தான். மீதியைப் படிக்க more என்பதைத் தொட வேண்டும். இந்தக் கணக்கில் தமிழுக்கு இடம் இன்னும் குறைவு. மெய்யின் புள்ளியும் உயிர்மெய்யின் கொம்பும் காலும் கணினிக்குத் தனித்தனிக் குறிகள் என்பதால், நாம் மூன்றெழுத்தாகப் பார்க்கும் 'நன்றி' அங்கே ஐந்து. ஆகவே நன்றி யாருக்கு என்பது முதல் வரியிலேயே வந்துவிட வேண்டும். கடைசி வரிக்கு ஒதுக்கி வைத்தால் பாதிப் பேர் அதைப் பார்க்கவே மாட்டார்கள்.

இவ்வளவும் சேர்ந்து அவள் கடைசியில் எழுதியது இப்படி வரலாம்:

"நன்றி லெவன்த் பி! நீங்க கூட வந்து ஓட்டுக் கேட்டதாலதான் இந்த சாஷ் என் தோள்ல இருக்கு. ரொம்ப சந்தோஷமா இருக்கு.
ஸ்டேஜ்ல பாதி ஸ்பீச் மறந்து நின்னேன். பின்னாடி இருந்து 'நூலகம்'னு கத்தினவனுக்கு ஸ்பெஷல் தேங்க்ஸ்.
வேற ஒருத்தருக்குப் போட்டவங்களும் என்கிட்ட வந்து கேளுங்க. லஞ்ச்ல லைப்ரரி, கிரவுண்ட்ல தண்ணிக் குழாய், ரெண்டையும் ஹெச்.எம். சார்கிட்ட பேசறேன்."

பேச்சுத்தமிழில் இருப்பதைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம். வகுப்பில் பேசுகிற மொழியிலேயே நன்றி சொல்லியிருக்கிறாள். அதே ஆள் திடீரென்று "என் நெஞ்சார்ந்த நன்றிகளைச் சமர்ப்பிக்கிறேன்" என்று எழுதினால் ஆண்டு விழா மலரில் வரும் தாளாளர் உரை போலாகிவிடும். கடைசி வரியில் "வாங்கித் தருவேன்" என்று எழுதாமல் "பேசறேன்" என்று எழுதியிருப்பதும் கவனிக்க வேண்டியது. குழாய் போடும் அதிகாரம் எஸ்.பி.எல்.லுக்குக் கிடையாது, கேட்கும் வேலைதான் உண்டு.

பதிவை ஏற்றுவதற்கு முன் படத்தையும் ஒருமுறை பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். பல பள்ளி அடையாள அட்டைகளில் அப்பா பெயர், வீட்டு முகவரி, கைப்பேசி எண் எல்லாம் அச்சிட்டிருக்கும். நல்ல கேமராவில் அது தெளிவாகவே விழும். கூட நிற்கும் தோழர்களின் அட்டைகளும் அப்படித்தான். அட்டையைக் கழற்றிவிட்டு எடுத்த படம் இருந்தால் அதைப் போடலாம், இல்லையென்றால் வெட்டிவிடலாம். பிறரை டேக் செய்வதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ள வேண்டும். தோற்றவரைக் கேட்காமல் டேக் செய்வது மட்டும் வேண்டவே வேண்டாம். ஜெயித்தவரின் படத்துக்குக் கீழே தன் பெயரைப் பார்க்கும் மனநிலையில் அவர் அன்றைக்கு இருக்க மாட்டார்.

இன்னொரு விஷயம். 18 வயதுக்குக் குறைந்தவர்களின் கணக்குகளை இயல்பாகவே பூட்டி வைக்கும் 'டீன் அக்கவுண்ட்' முறையை இன்ஸ்டாகிராம் 2024 செப்டம்பரில் அறிவித்தது. 16 வயதுக்குக் குறைந்தவர்கள் அந்தப் பூட்டைத் தளர்த்தப் பெற்றோர் அனுமதி வேண்டும். பூட்டிய கணக்கில் போடும் பதிவைப் பின்தொடர்பவர்கள் மட்டும்தான் பார்க்க முடியும். ஓட்டுப் போட்ட ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் அங்கே இருக்க மாட்டார்கள். கணக்குத் தொடங்கவே 13 வயது ஆக வேண்டும் என்பது அந்தத் தளத்தின் விதி. போட்டியிட்டுத் தோற்றவர்களும் அங்கே இல்லாமல் இருக்கலாம். அவர்களுக்கான நன்றியை மறுநாள் பிரேயர் மைக்கிலோ, வகுப்பு வாசலில் நின்றோ சொல்லிவிடுங்கள். யார் பெயராவது கேப்ஷனில் விட்டுப்போயிருந்தால் கவலைப்பட வேண்டாம். படத்தை அழிக்காமலே எழுத்தை மட்டும் திருத்த முடியும், அன்றைக்கே சேர்த்துவிடுங்கள்.