கடைக்குப் போகும் முன் ஒரு தாள்

“நல்லதா, வேகமா ஒரு லேப்டாப் வேணும். ரொம்ப கனமா இருக்கக் கூடாது. அஞ்சு வருஷம் உழைக்கணும்.”

லேப்டாப் வாங்கப் போகிற வீடுகளில் தேவை பெரும்பாலும் இந்த உருவத்தில்தான் இருக்கிறது. இதை மட்டும் கையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போனால், அங்கே எதைக் காட்டினாலும் பொருந்திப்போகும். நல்லது, வேகம், கனமில்லாதது என்பவற்றைச் சொல்லி எந்த லேப்டாப்பையும் ‘இது வேண்டாம்’ என்று ஒதுக்க முடியாது. தேவைப் பட்டியலின் வேலையே ஒதுக்குவதுதான். ஐம்பது லேப்டாப்களில் நாற்பத்தைந்தை அது தள்ளிவிட வேண்டும். தள்ளவில்லை என்றால் பட்டியல் இன்னும் எழுதி முடியவில்லை என்று பொருள்.

மேலே உள்ளவை என் மதினியின் வார்த்தைகள். அண்ணன் மகள் கோவையில் சிவில் இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டுக்குப் போகிறாள், விடுதியில் தங்கிப் படிக்கிறாள், வீடு கோவில்பட்டியில். அண்ணன் சொன்ன பட்ஜெட், “அறுபது, அறுபத்தஞ்சுக்குள்ள.” இந்த நான்கு வாக்கியங்களை ஒரு தாளில் எழுதத்தக்க வரிகளாக மாற்றியது எப்படி என்பதைச் சொன்னால், வேறு படிப்புக்கும் வேறு தொழிலுக்கும் வாங்குபவர்கள் அதே வழியில் போகலாம்.

முதலில் லேப்டாப்பைப் பற்றி எதுவுமே பேசவில்லை. அவளுடைய ஒரு வாரத்தை எழுதச் சொன்னேன். எந்த மென்பொருள், எந்த இடத்தில், எவ்வளவு நேரம், பக்கத்தில் பிளக் உண்டா? இப்படிக் கேட்டதும் விவரம் தானாக வந்தது. இந்த ஆண்டு ஆட்டோகேட். அடுத்த ஆண்டு ரெவிட், ஸ்டாட் புரோ. கூடவே எப்போதும் திறந்திருக்கும் பிரவுசர், ஒன்றிரண்டு பிடிஎஃப். வகுப்பறையில் மதியம் வரை பிளக் கிடையாது. அதன்பின் லேபில் உண்டு. விடுதியிலிருந்து துறைக் கட்டடத்துக்குத் தினமும் நடை.

இந்தச் சில வரிகளே பாதிக் கடையைக் காலி செய்துவிட்டன. ரெவிட்டுக்கு மேக் பதிப்பு கிடையாது. அது விண்டோஸில் மட்டும் ஓடுவது. ஆகவே ‘விண்டோஸ் 11 ஏற்றியே வர வேண்டும்’ என்பது முதல் வரி. விண்டோஸ் இல்லாமல் விற்கும் மாடல்கள் சில ஆயிரம் குறைவாகத் தெரியும். விண்டோஸைத் தனியே வாங்கினால் அந்த மிச்சம் கரைந்துவிடும்.

அடுத்து ‘வேகம்’. இதை ஊகிக்க வேண்டியதில்லை, அளக்கலாம். சீனியர் ஒருத்தியின் லேப்டாப்பில் அவளுடைய வழக்கமான வேலைகளை எல்லாம் ஒரே நேரத்தில் திறந்து வைக்கச் சொன்னோம். பிறகு Ctrl+Shift+Esc அழுத்தினால் Task Manager வரும். அதில் Performance, அதற்குள் Memory. In use என்ற இடத்தில் ஏறத்தாழ 10 ஜிபி காட்டியது. ஆக 8 ஜிபி ரேம் போதாது என்பது கண்ணெதிரே தெரிந்துவிட்டது. ரெவிட்டைத் தயாரிக்கும் ஆட்டோடெஸ்க் நிறுவனமே அண்மைப் பதிப்புகளுக்குக் குறைந்தபட்சம் 16 ஜிபி என்கிறது. பட்டியலில் எழுதியது: ‘ரேம் 16 ஜிபி. அல்லது 8 ஜிபியும் ஒரு காலி ஸ்லாட்டும். அப்படியானால் இன்னொரு 8 ஜிபியின் விலையையும் லேப்டாப் விலையோடு கூட்டிப் பார்க்க வேண்டும்.’ காலி ஸ்லாட் என்பது முக்கியமான சொல். மெல்லிய லேப்டாப்கள் பலவற்றில் ரேமை மதர்போர்டிலேயே பற்றவைத்துவிடுகிறார்கள். பின்னால் கூட்டவே முடியாது. மதினி கேட்ட ‘அஞ்சு வருஷம்’ பெரும்பாலும் இந்த ஒரு இடத்தில்தான் உடையும். அதே Memory பக்கத்தில் Slots used என்ற வரியைப் பார்த்தால் காலி இடம் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். Form factor என்ற இடத்தில் Row of chips என்று இருந்தால் அது பற்றவைத்த ரேம்.

பிராசஸருக்கு ‘ஐ5’ என்றோ ‘ரைசன் 5’ என்றோ எழுதி நிறுத்தினால் அது தேவை ஆகாது. ஒரே பெயரில் பல தலைமுறைகள் கடையில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். ரைசன் 5 7520U என்ற பிராசஸரை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் எண் 7 என்பதால் புதிது போல் தெரியும். உள்ளே இருக்கும் வடிவமைப்பு 2019இல் வந்த ஜென் 2. அந்த வரிசையில் மூன்றாவது இலக்கம்தான் வடிவமைப்பைச் சொல்லும். எண்களை எல்லாம் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. ‘முழு மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு வந்து, எந்த ஆண்டின் வடிவமைப்பு, எத்தனை கோர் என்று வீட்டில் பார்த்த பிறகே முடிவு, ஆறு கோருக்குக் குறையக் கூடாது’ என்று எழுதினோம். அன்றே வாங்கிவிடும் அவசரத்தை இந்த வரி தடுக்கும்.

எனக்கு மிகவும் பிடித்தது பேட்டரிக் கணக்கு. ‘நாள் முழுக்க சார்ஜ் நிக்கணும்’ என்பது அவளுடைய ஆசை. விளம்பரத்தில் வரும் ‘பத்து மணி நேரம்’ பெரும்பாலும் வெளிச்சத்தைக் குறைத்து வீடியோ ஓட்டி எடுத்த அளவு. ஆட்டோகேட் ஓட்டி எடுத்தது அல்ல. நாம் பார்க்க வேண்டியது பேட்டரியின் கொள்ளளவு. அதை வாட்-அவர் என்ற அலகில் சொல்வார்கள். பிளக் இல்லாத நேரம் நான்கு மணி. வரைபட வேலையும் பிரவுசருமாகச் சராசரி 10 வாட் செலவு என்று வைத்தால் 40 வாட்-அவர் வேண்டும். பேட்டரி போகப் போகத் தேயும். இரண்டு மூன்று ஆண்டுகளில் ஐந்தில் ஒரு பங்கு குறையும் என்று கணக்கிட்டு, 40ஐ 0.8ஆல் வகுத்தால் 50. பட்டியலில் ‘பேட்டரி 50 வாட்-அவர் அல்லது அதற்கு மேல்’ என்று எழுதினோம். கடையில் டெமோ லேப்டாப்பில் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து இதைத் தட்டினால் போதும்:

```
powercfg /batteryreport
```

உருவாகும் அறிக்கையில் DESIGN CAPACITY என்ற இடத்தில் 50,000 mWh அல்லது அதற்கு மேல் இருக்கிறதா என்று பார்க்கலாம். தொட விடமாட்டார்கள் என்றால் மாடல் எண்ணை வைத்து நிறுவனத்தின் தளத்திலேயே பார்த்துக்கொள்ளலாம்.

‘கனமா இருக்கக் கூடாது’ என்பதை 1.7 கிலோவுக்குள் என்று மாற்றினோம். சார்ஜரையும் தூக்க வேண்டும் என்பதால் டைப்-சி வழியாக சார்ஜ் ஏறினால் நல்லது என்று ஒரு வரி. திரை 1920×1080, ஐபிஎஸ் பேனல்; ஜன்னல் வெளிச்சத்தில் மெல்லிய கோடுகள் தெரிய வேண்டும் என்பதால் 300 நிட்ஸ். எஸ்எஸ்டி 512 ஜிபி போதும். விண்டோஸ் அதை 476 என்று காட்டும், யாரும் ஏமாற்றவில்லை.

சிக்கல் கிராபிக்ஸ் கார்டில் வந்தது. “சித்தப்பா, தனி கிராபிக்ஸ் கார்டு கண்டிப்பா வேணும்னு சீனியர்ஸ் சொல்றாங்க,” என்றாள். “எந்தப் பாடத்துக்காம்?” என்று கேட்டேன். கேட்டுச் சொல்கிறேன் என்று போனவள், லூமியன் போன்ற மென்பொருளில் கட்டடத்தை நிஜம்போல் காட்டும் ரெண்டரிங் செய்கிறவர்களுக்குத்தான் அது என்று தெரிந்துகொண்டு வந்தாள். அது ஆர்க்கிடெக்சர் மாணவர்களின் அன்றாட வேலை. இவள் பாடத்திட்டத்தில் இல்லை. மாணவர்கள் போடும் அளவுள்ள ஆட்டோகேட், ரெவிட் வரைபடங்களுக்கு பிராசஸரோடு சேர்ந்தே வரும் கிராபிக்ஸ் ஓரளவு தாங்கும். தனி கார்டு எடுத்தால் விலை ஏறும், எடை இரண்டு கிலோவைத் தாண்டும், பேட்டரி சீக்கிரம் இறங்கும். ஏற்கெனவே எழுதிய மூன்று வரிகளோடு மோதும். அவள் தம்பி விடுமுறையில் கேம் விளையாட ஆசைப்பட்டதும் இந்த விவாதத்துக்குள் இருந்தது. அதைத் தனியாகப் பிரித்து வைத்ததும் பேச்சு சுலபமாகிவிட்டது.

இதிலிருந்து ஒரு விதி வைத்துக்கொண்டோம். ஒவ்வொரு தேவைக்கும் எதிரே ‘ஏன்’ என்று ஒரு வாக்கியம் எழுத வேண்டும். எழுத வராவிட்டால் அது வேறு யாரோ சொன்னது, அல்லது விளம்பரத்தில் பார்த்தது. தொடுதிரையும் கைரேகைப் பூட்டும் அப்படித்தான் கீழே இறங்கின.

பட்ஜெட்டில் நாங்கள் செய்தது, ‘அறுபது, அறுபத்தஞ்சு’ என்பதை ஒரே எண்ணாக்கியது: 65,000. இது லேப்டாப்பின் விலை அல்ல, பையிலிருந்து போகும் மொத்தப் பணம். முதலில் மற்றவற்றைக் கழித்தோம். படிப்புக் கோப்புகளின் நகலுக்கு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் 5,500. மவுஸ் 700. சாதாரண வாரண்டி கீழே விழுந்ததையும் தண்ணீர் கொட்டியதையும் ஏற்காது. விடுதியில் அந்த இரண்டும் நடக்கும் என்பதால் விபத்துக் காப்புக்கு 3,300. மொத்தம் 9,500. மீதி 55,500. இதுதான் லேப்டாப்புக்கு. ஆட்டோடெஸ்க் மென்பொருட்கள் மாணவர்களுக்கு இலவசம் என்பதால் அங்கே செலவில்லை. தவணையில் வாங்குவதானால் ‘வட்டியில்லா இஎம்ஐ’யிலும் ஒரு செலவு ஒளிந்திருக்கிறது. வட்டித் தொகையை விலையில் தள்ளுபடியாகத் தந்தாலும், அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டியை வங்கி வசூலிக்கும். வட்டி 2,500 என்றால் 450 ரூபாய். பிராசசிங் கட்டணம் இருந்தால் அது தனி.

கடைசியில் தாளில் இருந்தது இவ்வளவுதான்.

கட்டாயம்: விண்டோஸ் 11, ரேம் 16 ஜிபி அல்லது கூட்டும் வசதி, ஆறு கோர், பழைய வடிவமைப்பு அல்ல, எஸ்எஸ்டி 512, பேட்டரி 50 வாட்-அவர், 1.7 கிலோவுக்குள், முழு எச்டி ஐபிஎஸ் திரை, விலை 55,500க்குள்.

இருந்தால் நல்லது, விட்டுக்கொடுக்கும் வரிசையில்: விசைப்பலகை விளக்கு, டைப்-சி சார்ஜிங், 300 நிட்ஸ்.

வேண்டாம்: தனி கிராபிக்ஸ் கார்டு, தொடுதிரை, கைரேகை.

விட்டுக்கொடுக்கும் வரிசையை வீட்டிலேயே எழுதுவது அவசியம். எல்லாம் பொருந்தும் லேப்டாப் கிடைக்காமல் போகலாம். அப்போது எதை விடுவது என்பதைக் கடையில் நின்று யோசித்தால் கண்ணுக்குத் தெரிகிற விளக்கு ஜெயிக்கும், கண்ணுக்குத் தெரியாத ரேம் தோற்கும்.

கடையில் முதலில் காட்டியது ஐ7 ஒட்டிய ஒரு லேப்டாப். “ஆஃபர் இன்னைக்கு மட்டும்தான் சார்” என்றார்கள். 8 ஜிபி, பற்றவைத்த ரேம். அடுத்தது கேமிங் மாடல், 2.3 கிலோ. மூன்றாவதில் எல்லாம் சரி, பேட்டரி 41 வாட்-அவர். கட்டாயப் பட்டியலில் இருப்பதால் அதுவும் போனது. இன்னொரு கடையையும் பார்த்த பிறகு இரண்டு மாடல்கள் எஞ்சின. இரண்டும் பட்ஜெட்டுக்குள், இரண்டிலும் விசைப்பலகை விளக்கு இல்லை. தாளில் எழுதாத ஒரு கேள்வியை அண்ணன்தான் கேட்டார்: ரிப்பேர் என்றால் எங்கே கொடுப்பது? ஒன்றுக்கு கோவையிலேயே சர்வீஸ் சென்டர் இருந்தது. மற்றொன்றை வெளியூருக்கு அனுப்ப வேண்டும். கோவையில் இருப்பதையே எடுத்தார்கள். அந்தக் கேள்வி இப்போது தாளில் கட்டாயப் பகுதியின் கடைசி வரி. அடுத்த ஆண்டு கல்லூரிக்குப் போகும் தம்பி அந்தத் தாளை இப்போதே வாங்கி வைத்துக்கொண்டான்.