ரா கலங்களின் அறிக்கை: தோல்வியும் பிறர் பங்கும்

ஒஸ்லோ நகரின் பிக்தோய் பகுதியிலுள்ள கோன்-டிக்கி அருங்காட்சியகத்தில் ‘ரா 2’ என்னும் கோரைக்கலம் வைக்கப்பட்டுள்ளது. தோர் ஹெயர்தால் 1970இல் அதில் மொராக்கோவின் சாஃபி துறையிலிருந்து 57 நாள்களில் பார்படோசை அடைந்தார். அதற்கு முந்தைய ‘ரா’வோ 1969 மே 25இல் அதே துறையிலிருந்து புறப்பட்டு, ஏறத்தாழ 5,000 கிலோமீட்டர் கடந்தபின் நடுக்கடலில் கைவிடப்பட்டது. ஆய்வாளர் கற்கவேண்டியது பெரும்பாலும் அந்தக் கைவிடப்பட்ட கலத்திலேயே உள்ளது.

தோல்வியின் காரணம் ஹெயர்தாலின் நூலில் மறைக்கப்படவில்லை. எகிப்தியக் கல்லறை ஓவியங்களில் கலத்தின் பின்முனை உள்நோக்கி வளைந்திருக்கும். அதன் நுனியிலிருந்து தளத்திற்கு ஒரு கயிறு இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். வளைவை நிலைநிறுத்த மட்டுமே அக்கயிறு பயன்படும் எனக் கருதி அது விடப்பட்டது. கடலில் பின்தளம் தாழ்ந்து, அலைகள் உட்புகுந்தபோதுதான் அக்கயிறு பின்தளத்தைத் தாங்கும் விற்கயிறாகவும் பணிபுரிந்தது என்பது புலனாயிற்று. ஓவியன் வரைந்ததை அழகுக்காக வரைந்ததென எண்ணியதே பிழை. முதல் நாளிலேயே சுக்கான் துடுப்புகள் முறிந்ததும் நூலில் பதிவாகியுள்ளது.

யார் எதைச் செய்தார் என்பதும் அந்நூலில் தெளிவு. கருதுகோளும் பயண ஏற்பாடும் ஹெயர்தாலுடையவை. ஓவியங்களைப் படித்துக் கலத்தை வடிவமைத்தவர் பின்லாந்தைச் சேர்ந்த பியோர்ன் லாண்ட்ஸ்ட்ரோம். கோரையைக் கட்டியவர்கள் ஆப்பிரிக்காவின் சாடு ஏரியைச் சேர்ந்த கைவினைஞர்கள். அவ்வேரிக் கலங்களுக்கு முன்முனை மட்டுமே உயர்ந்து வளையும், பின்முனை வெட்டிவிட்டாற்போல் நிற்கும். ஆகவே வளைந்த பின்முனை அவர்கள் மரபில் இல்லாத வேலை. இச்செய்தி நூலில் இல்லாதிருந்தால், பின்முனையின் பலவீனத்தை அவர்கள் கைத்திறன் மீதே படிப்போர் ஏற்றியிருப்பர். ‘ரா 2’ஐ பொலிவியாவின் டிட்டிகாக்கா ஏரியின் ஐமாரா கைவினைஞர்கள் கட்டினர்.

இங்கே ஓர் எல்லையைக் கவனித்தல் வேண்டும். இரண்டாம் கலத்தில் கட்டுநரும் மாறினர். கட்டும் முறையும் நீளமும் மாறின. ஆதலின் வெற்றிக்குக் கயிறு ஒன்றே காரணம் என்று சொல்ல இயலாது. ஒன்றை மட்டும் மாற்றி மூன்றாவது கலம் விடப்பட்டிருந்தால் அது தெரிந்திருக்கும். அத்தனை செலவும் உயிரிடரும் யார் ஏற்பார்?

இன்னோர் எல்லையும் உண்டு. கோரைக்கலம் அட்லாண்டிக்கைக் கடக்க இயலும் என்பதையே ‘ரா 2’ காட்டியது. பண்டை எகிப்தியர் கடந்தனர் என்பதை அன்று. பழந்தமிழரின் கடலோட்டத்தைக் கலம் கட்டிச் சோதிக்க முனைவோரும் ‘இயலும்’, ‘செய்தனர்’ என்னும் இவ்விரு வினைகளையும் தனித்தனியே எழுத வேண்டியிருக்கும். முதல் வினைக்குக் கலமே சான்று, இரண்டாவதற்கு அகழாய்வும் கல்வெட்டும் வேண்டும்.