படிப்பை முடித்தால்தான் பங்கு: உயிலில் இப்படி எழுதினால் செல்லுமா?

மேலூர் பக்கத்திலிருந்து ஒருவர் அண்மையில் பள்ளிவாசலுக்கு வந்திருந்தார். கையில் பத்திர எழுத்தர் தயார் செய்து கொடுத்த உயில் நகல். "ஹஜ்ரத், பதிவு பண்றதுக்கு முன்னாடி நீங்க ஒரு தடவை பார்த்துடுங்க" என்றார். வழக்கமான வாசகங்கள்தாம். ஆனால் மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. இளைய மகன் இஞ்சினியரிங் படிப்பை முடித்துப் பட்டம் வாங்கிய பிறகே தன் பங்கை அடைய வேண்டியது. முப்பது வயதுக்குள் முடிக்கத் தவறினால் அந்தப் பங்கு மூத்த மகனைச் சேர வேண்டியது.

பையனுக்கு ஏழு பேப்பர் அரியர். தகப்பனாரின் கவலை எனக்குப் புரிந்தது. "சொத்து இருக்குன்னு தெரிஞ்சா படிக்கவே மாட்டான்" என்றார். கவலை நியாயமானது, எழுதிய வரிதான் நிற்காது.

பத்திர எழுத்தரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவரிடம் இருக்கும் மாதிரிப் படிவம் இந்து, கிறிஸ்தவக் குடும்பங்களுக்குப் பொருந்துவது. 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் உயில் பகுதி, நிபந்தனை போட்டுச் சொத்து எழுதுவதை அனுமதிக்கிறது. இன்ன காரியம் நடந்தால் இன்னாருக்கு என்று எழுதினால், காரியம் நடக்கும் வரை அவருக்கு உரிமை வராது. நிபந்தனை சட்டவிரோதமாகவோ நடக்க முடியாததாகவோ இல்லாத வரை நீதிமன்றம் அதை மதிக்கும். ஆனால் அதே சட்டத்தின் 58ஆம் பிரிவு, அந்தப் பகுதி முஸ்லிம்களின் உயிலுக்குப் பொருந்தாது என்கிறது. நமக்கு ஷரீஅத் விதிகளே பொருந்தும். சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகிவிட்டதே என்று சிலர் நிம்மதி அடைகிறார்கள். அந்த உயிலை எழுதிக் கொடுத்தது நீங்கள்தாம் என்பதற்கு மட்டுமே பதிவு சாட்சி. உள்ளே எழுதியது செல்லும் என்பதற்கு அது சாட்சியல்ல.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். மகனுக்குப் போவது உயிலால் வரும் சொத்து அல்ல. தகப்பனார் மூச்சு நின்ற அந்த நொடியில், அல்லாஹ் நிர்ணயித்த பங்கு (அல்குர்ஆன் 4:11) அவனுடையதாகிவிடுகிறது. அடக்கச் செலவும் கடனும் வஸிய்யத்தும் போன மீதியில்தான் பங்கீடு என்றாலும், உரிமை பிறப்பது மரண நேரத்தில். பட்டம் வாங்கும் நாள் வரை அதைத் தள்ளிப்போட உயில் எழுதுபவருக்கு அதிகாரமில்லை.

வந்தவரின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். வீடும் இரண்டு கடையும் சேர்த்து 40 லட்சம், கடன் இல்லை. மனைவி, இரண்டு மகன்கள், ஒரு மகள். மனைவிக்கு எட்டில் ஒன்று, 5 லட்சம். மீதி 35 லட்சத்தில் மகன்களுக்குத் தலா 14 லட்சம், மகளுக்கு 7 லட்சம். இளையவன் பட்டம் வாங்கவில்லை என்று மூத்தவர் அந்த 14 லட்சத்தையும் சேர்த்து வைத்துக்கொண்டால் என்ன ஆகும்? இளையவன் பாகப்பிரிவினை வழக்குப் போடுவான். மூத்தவர் பதிவான உயிலை நீட்டுவார். நீதிமன்றம் பார்ப்பது, வாரிசு ஒருவருக்குக் கூடுதலாகக் கொடுக்கும் வஸிய்யத்துக்கு மற்ற வாரிசுகள், தகப்பனார் இறந்த பிறகு, சம்மதித்தார்களா என்பதைத்தான். ஹனஃபி மத்ஹபில் அவர் உயிரோடு இருக்கும்போது வாங்கிய சம்மதம் கணக்கில் வராது. சம்மதித்தவரின் பங்கு மட்டுமே குறையும். சம்மதிக்காதவரை அது கட்டாது. பறிபோகப்போவது தன் பங்கு என்று தெரிந்தும் இளையவன் சம்மதிப்பானா? இருபதில் ஏழு பங்கு அவனுக்கென்று தீர்ப்பாகும். இடைப்பட்ட காலத்தில் அண்ணன் வசூலித்த கடை வாடகைக்கும் கணக்குக் கேட்கலாம். சார்பு நீதிமன்றத்தில் தொடங்கி, மேலூர் சாலையில் இருக்கும் உயர்நீதிமன்றக் கிளை வரை இரண்டு சகோதரர்களும் படியேறிய பிறகு கிடைக்கப்போவது இதுதான்.

வாரிசு அல்லாதவருக்கு எழுதினால் நிலைமை வேறு. மகன்கள் இருக்கும்போது, முன்பே இறந்துவிட்ட இன்னொரு மகனின் பிள்ளை வாரிசாக மாட்டான். சகோதரி மகனும் அப்படியே. இவர்களுக்கு மூன்றில் ஒரு பங்கு வரை வஸிய்யத் செய்யலாம். யாருடைய சம்மதமும் தேவையில்லை. நல்ல வழிதான். ஆனால் இங்கும் நிபந்தனை தடுக்கிறது. வஸிய்யத்தை நிபந்தனையோடு பிணைப்பதைப் பற்றி ஃபிக்ஹ் நூல்களில் விரிந்த விவாதம் உண்டு. நம் நீதிமன்றங்கள் பெரும்பாலும் கையில் எடுப்பது முல்லாவின் முஹம்மதியச் சட்ட நூலை. அதன்படி விளைவு, வாசகம் எப்படி அமைந்தது என்பதைப் பொறுத்தது.

"தங்கை மகன் பி.காம். முடித்தால் 4 லட்சம் அவனுக்கு" என்று எழுதினால், நடக்குமா நடக்காதா என்று தெரியாத ஒன்றில் வஸிய்யத்தையே தொங்கவிடுகிறோம். அது செல்லாது, பணம் வாரிசுகளுக்கே திரும்பிவிடும். "4 லட்சம் அவனுக்கு, ஆனால் அவன் பி.காம். முடிக்க வேண்டும்" என்று எழுதினால், வஸிய்யத் நிற்கும், நிபந்தனை உதிரும். மறுநாளே கல்லூரியை விட்டு நின்றாலும் பணம் அவனுடையதுதான். ஒரு வாசகத்தில் பையனுக்கு ஒன்றுமில்லை, இன்னொன்றில் நிபந்தனைக்கு ஒன்றுமில்லை. இரண்டுமே எழுதியவர் நினைத்தது அல்ல.

இதிலிருந்து வெளியே வர ஒரு வாசல் இருக்கிறது. பொருள் வேறு, பொருளின் பயன் வேறு என்று நம் ஃபுகஹாக்கள் பிரித்து வைத்திருக்கிறார்கள். 'ஐன்' என்பது கடை. 'மனாஃபிஃ' என்பது கடையின் வாடகை. இந்தப் பிரிவை நீதிமன்றங்களும் ஏற்றிருக்கின்றன. 1867இல் உம்ஜத் அலீ வழக்கு பிரிவி கவுன்சில் வரை போனது. தகப்பனார் அரசாங்கக் கடன் பத்திரங்களை மகன் பெயருக்கு மாற்றிவிட்டு, தன் ஆயுள் வரை வட்டி தனக்கு என்று வைத்திருந்தார். மாற்றியதும் செல்லும், வட்டி ஏற்பாடும் செல்லும் என்றது தீர்ப்பு. (வட்டியின் மார்க்கச் சட்டம் வேறு விஷயம், இங்கே பார்ப்பது பிரிவை மட்டும்.) 1948இல் நவாஸிஷ் அலீ கான் வழக்கில் அதே பிரிவி கவுன்சில், குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் ஒருவருக்குக் கொடுப்பதைப் பயனைக் கொடுத்ததாக எடுத்துக்கொள்ளலாம் என்று விளக்கியது.

ஆகவே தங்கை மகனுக்கு "பட்டம் வாங்கினால்" என்று எழுதாமல், "நான் இறந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்கு இந்தக் கடையின் வாடகை அவனுக்கு" என்று எழுதலாம். கடையின் மதிப்பு மொத்தச் சொத்தில் மூன்றில் ஒன்றைத் தாண்டாமல் இருந்தால் சிக்கலில்லை. கால அளவு நிச்சயமாகத் தெரிகிறது, தேர்வு முடிவை நம்பி எதுவும் தொங்கவில்லை, படிப்புச் செலவும் ஓடும். ஒழுங்காகப் படிக்கிறானா என்பதை மட்டும் உயிலால் காவல் காக்க முடியாது.

சொந்த மகன் விஷயத்தில், அனாதைகளின் சொத்தை அவர்களுக்கு விவேகம் வந்தபின் ஒப்படைக்கச் சொல்லும் இறைவசனம் (4:6) பலருக்கு நினைவுக்கு வரும். அங்கே சொத்து பிள்ளையுடையதாகவே இருக்கிறது. கையில் கொடுப்பது மட்டுமே தள்ளிப்போகிறது. விவேகம் வராதவனுக்கு 25 வயது வரை ஒப்படைக்காமல் இருக்கலாம் என்பது இமாம் அபூஹனீஃபாவின் கருத்து. நம் நாட்டு நீதிமன்றத்தில் எல்லை 18 வயது. தகப்பனார் நம்பிக்கையான ஒருவரை வஸீயாக நியமித்தால், பிள்ளைக்கு 18 ஆகும் வரை அவர் சொத்தைப் பார்த்துக்கொள்ளலாம். கல்லூரிப் படிப்பு முடிவதோ 21, 22இல். அந்த மூன்று நான்கு ஆண்டுகளை அடைக்க எந்த வாசகமும் என்னிடம் இல்லை என்று அவரிடம் சொல்லிவிட்டேன்.

உயிரோடு இருக்கும்போது ஹிபாவாகக் கொடுத்து அதில் நிபந்தனை போடலாமா என்று கேட்டார். ஹிபாவிலும் இதே கதைதான். சொத்து போய்விடும், நிபந்தனை தங்காது. கொடுக்காமல் கையில் வைத்துக்கொண்டு, அரியர் பேப்பருக்குக் கட்டணம் கட்டுவது அவர் இஷ்டம், அவர் பணம். அதற்கு உயிலும் வேண்டாம், நீதிமன்றமும் வேண்டாம்.

மூன்றாம் பக்கத்து வரியைப் பேனாவால் அடித்துவிட்டு, அந்த இடத்தில் தங்கை மகனுக்கான வாடகை விவரத்தை எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். பத்திர எழுத்தரிடம் திரும்பத் தட்டச்சு செய்யப் போனார்.