குழாயில் ஷாக் அடித்தால் குழாயை மாற்றாதீர்கள்

நெய்வேலியில் 1962 முதல் பழுப்பு நிலக்கரியிலிருந்து மின்சாரம் எடுக்கிறார்கள். அந்த நகரியத்தின் வட்டங்களில் மின்வேலை தெரிந்தவருக்குப் பஞ்சமில்லை; ஃபேன் சுற்றவில்லை என்றால் பக்கத்து வீட்டுக்காரரைத்தான் முதலில் கூப்பிடுவார்கள். அப்படி உதவப் போகிறவர் எந்த வேலையை ஏற்கலாம், எதை மறுக்க வேண்டும்? வேலை சுலபமா கடினமா என்று பார்த்து முடிவெடுப்பதுதான் வழக்கம். அது தவறான அளவுகோல். பழுது ஒரு பொருளுக்குள்ளேயே அடங்கிக் கிடக்கிறதா, வீட்டின் வயரிங் வரை போயிருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும். சீலிங் ஃபேன் முதல் வகை. சுவிட்சை அணைத்துவிட்டு இறக்கையைக் கையால் சுற்றினால் தடையில்லாமல் ஓடுகிறது. சுவிட்ச் போட்டால் உறுமுகிறதே தவிர நகரவில்லை. காய்ந்த கழியால் லேசாகத் தள்ளிவிட்டால் தள்ளிய பக்கமே சுற்றத் தொடங்குகிறது. பேரிங் நன்றாக இருக்கிறது, கன்டென்சர் போய்விட்டது என்று இதிலிருந்தே தெரிந்துவிடும். மோட்டாரின் இரண்டு சுருள்களில் ஒன்றின் மின்னோட்டத்தைச் சற்று முன்பின் ஆக்கிச் சுழற்சியைத் தொடங்கி வைப்பது அந்தக் கன்டென்சர்தான். மெயினை அணைத்து, டெஸ்டரால் சரிபார்த்த பிறகு, அதன் மேல் அச்சிட்டிருக்கும் அளவிலேயே, பெரும்பாலும் 2.5 மைக்ரோஃபாரட், புதியதைப் போட வேண்டும். ஃபேன் வேகமாக ஓடட்டும் என்று பெரிய அளவைப் போட்டால் சுருள் சூடேறும். சுவர் சுவிட்சை மட்டும் நம்பக் கூடாது. சுவிட்சை நியூட்ரலில் இணைத்திருக்கும் வீடுகளில், அணைத்த பிறகும் ஃபேனில் 230 வோல்ட் நிற்கும்.

இப்போது குளியலறைக்கு வருவோம். “குழாயைத் தொட்டால் சுருக்கென்கிறது, பிளாஸ்டிக் குழாய் மாட்டிக் கொடுங்கள்” என்பார்கள். பத்து நிமிட வேலை, ஆனால் மறுக்க வேண்டிய வேலை. குழாய்க்கு வெந்நீர் தரும் ஹீட்டரின் எலிமென்ட் உறை வெடித்துக் கசிந்தாலும், எர்த் சரியாக இருந்தால் கசிவு மண்ணுக்குப் போய்விடும். 30 மில்லி ஆம்பியர் கசிவுத் தடுப்பான் இருந்தால் அது விழுந்துவிடும். எனவே ஷாக் அடிக்கிறது என்றாலே கசிவு ஒன்று, பாதுகாப்பு இல்லாமை ஒன்று என இரண்டு பழுதுகள் சேர்ந்திருக்கின்றன. பழைய குவார்ட்டர்ஸ்களில் எர்த் கம்பி பைப்போடு சேரும் கிளாம்பில் துருப்பிடித்து அறுந்திருக்கலாம். பார்வைக்கு வயர் இருக்கும், இணைப்பு இருக்காது. பிளாஸ்டிக் குழாய் மாட்டினால் எச்சரிக்கை மட்டும்தான் நின்றுபோகும். தண்ணீர் வழியாகவும் ஹீட்டரின் உலோகப் பாகங்கள் வழியாகவும் மின்சாரம் வரும் வாய்ப்பு அப்படியே இருக்கும். தடுப்பான் அடிக்கடி விழுகிறது, அதை நேராக இணைத்துவிடுங்கள் என்று கேட்பதும் இதே ஆபத்துதான்.

நாம் மறுத்தால் தெரியாத யாரோ வந்து அரைகுறையாகச் செய்துவிடுவார்களே என்று கேட்கலாம். நியாயமான கவலை. அதனால்தான் மறுப்பதோடு கைகழுவிப் போய்விடக் கூடாது. ஹீட்டரின் எம்.சி.பி.யை இறக்கி, பிளக்கைப் பிடுங்கி, குழாயைத் தொட வேண்டாம் என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்ல வேண்டும். அதன் பிறகு ஷாக் நின்றாலும் பாதிப் பழுதுதான் தெரிந்திருக்கிறது. எர்த் இன்னும் சந்தேகம்தான். குவார்ட்டர்ஸ் என்றால் நகரிய மின்பிரிவில் புகார் எழுத வேண்டும், சொந்த வீடு என்றால் உரிமம் பெற்றவரை அழைக்க வேண்டும். அவர்கள் பழுதை நீக்கி, எர்த் மின்தடையை மீட்டரால் அளந்து பார்த்து, கசிவுத் தடுப்பானின் சோதனைப் பொத்தானை அழுத்தினால் அது விழுகிறதா என்று உறுதி செய்த பிறகு, குழாய்க்கு வாஷர் மாற்றும் வேலையைப் பக்கத்து வீட்டுக்காரரே தாராளமாகச் செய்யலாம்.