‘இதைச் சாப்பிடலாமா?’: பதிலுக்கு முன் மூன்று கேள்விகள்

மீந்துபோன உணவைக் காட்டி, “இதைச் சாப்பிடலாமா?” என்று கேட்பது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். ஆனால் என்ன உணவு, எங்கே வைத்திருந்தது, எப்போது சமைத்தது என்ற மூன்றையும் சொல்லாமல் கேட்டால் மருத்துவரால்கூடச் சரியான பதில் சொல்ல முடியாது. தினமும் நம் வீட்டில் மிஞ்சும் சோற்றையே எடுத்துக்கொள்வோம்.

ஒரே சோறு, இரண்டு பதில்கள்

இரண்டு வீடுகளில் மதியம் 12 மணிக்குச் சோறு வடிக்கிறார்கள். முதல் வீட்டில் மீந்ததைத் தாம்பாளத்தில் பரப்பி ஆறவைத்து, 1 மணிக்குள் சிறிய டப்பாக்களில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்துவிடுகிறார்கள். இரண்டாவது வீட்டில் பானையோடு மூடி அடுப்படியிலேயே விட்டுவிடுகிறார்கள். இரவு 8 மணிக்கு இரண்டு வீட்டிலும் அது எலுமிச்சை சாதமாகிறது. நிறமும் மணமும் ஒன்றுதான். முதல் வீட்டுச் சாதத்தைச் சாப்பிடலாம், இரண்டாவது வீட்டுச் சாதத்தைக் கொட்டிவிட வேண்டும்.

காரணம், ‘பேசில்லஸ் சீரியஸ்’ என்ற பாக்டீரியா. மண்ணிலிருந்து அரிசிக்கு வரும் இதன் வித்துகள், சோறு கொதிக்கும்போதும் சாவதில்லை. சூடு தணிந்ததும் அவை முளைத்துப் பெருகத் தொடங்கும். 5 டிகிரி செல்சியஸுக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட வெப்பநிலையைத்தான் உணவு கெடுவதற்கான ஆபத்து எல்லை என்கிறார்கள். நம் ஊர் அடுப்படி பகல் முழுவதும் அந்த எல்லைக்குள்தான் இருக்கிறது.

சூடாக்கினால் போதாதா?

இந்த பாக்டீரியா பெருகும்போது சோற்றில் ஒரு நச்சை விடுகிறது. திரும்பச் சூடாக்கினால் பாக்டீரியா சாகலாம், நச்சு அப்படியே இருக்கும். எண்ணெயில் வதக்கினாலும், எலுமிச்சைச் சாறு பிழிந்தாலும் அது போகாது. சாப்பிட்ட 1 முதல் 6 மணி நேரத்துக்குள் குமட்டலும் வாந்தியும் வருவது இதனால்தான்.

முகர்ந்து பார்ப்பதும் உதவாது. ஊசிப்போன வாடையையும் நூல் பிடிப்பதையும் உண்டாக்கும் நுண்ணுயிர்கள் வேறு, நோய் தருபவை வேறு. வாடை வந்தால் கட்டாயம் கொட்டுங்கள். வாடை இல்லை என்பதற்காக மட்டும் சாப்பிடாதீர்கள்.

உணவு மாறினால் கணக்கும் மாறும்

பழைய சோறும் இரவெல்லாம் வெளியில்தானே இருக்கிறது என்று கேட்கலாம். அதில் தண்ணீர் ஊற்றியதும் புளிக்கவைக்கும் பாக்டீரியாக்கள் அமிலத்தை உண்டாக்கி, கெடுதலானவை பெருகாமல் தடுக்கின்றன. சோறு ஆறியவுடன் தண்ணீர் ஊற்றி, மறுநாள் காலையில் சாப்பிட்டுவிடும் முறைக்கே இது பொருந்தும். பகலெல்லாம் பானையில் கிடந்த சோற்றில் இரவு தண்ணீர் ஊற்றினால், அதற்குள் உண்டான நச்சை அந்தப் புளிப்பு அழிக்காது.

கறிக்குழம்பின் கதை வேறு. விருந்து முடிந்து அண்டாவில் மீந்த குழம்பு மெதுவாக ஆறுகிறது. காற்றுப் புகாத அடிப்பகுதியில் ‘க்ளோஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ்’ என்ற பாக்டீரியா பெருகும். சாப்பிட்டு 6 முதல் 24 மணி நேரத்தில் வயிற்றுவலியும் பேதியும் வரும். அதனால் குழம்பைச் சூடு தணியும் முன்பே அகலமான சிறு பாத்திரங்களில் பிரித்து ஆறவைத்து ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும். மறுபடி எடுக்கும்போது வெதுவெதுப்பாக்கினால் போதாது. நடுவரை தளதளவெனக் கொதிக்க வேண்டும்.

வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டிய கணக்கு

சமைத்த உணவு வெளியில் 2 மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. வெயில் 32 டிகிரியைத் தாண்டும் நாளில் 1 மணி நேரம்தான். ஃப்ரிட்ஜ் 5 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும். அதில் வைத்த சோற்றை 1 நாளுக்குள்ளும், குழம்பை 3 நாளுக்குள்ளும் தீர்த்துவிடுங்கள். நீண்ட நேரம் மின்வெட்டு இருந்தால் உள்ளே இருந்ததையும் வெளியில் இருந்ததாகவே கணக்கிடுங்கள். டப்பாவின் மேல் ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டி, சமைத்த நாளையும் நேரத்தையும் எழுதிவிட்டால் யாரையும் கேட்க வேண்டியதில்லை. நேரம் யாருக்குமே நினைவில்லை என்றால் கொட்டிவிடுங்கள்.

சாப்பிட்ட பிறகு சந்தேகம் வந்தால்

வாந்தியோ பேதியோ தொடங்கினால், ஓ.ஆர்.எஸ். கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுங்கள். மலத்தில் ரத்தம், கடும் காய்ச்சல், சிறுநீர் குறைவது, தண்ணீர்கூட வயிற்றில் தங்காதது, துவண்டுபோவது ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். குழந்தைகள், கர்ப்பிணிகள், முதியவர்கள் என்றால் இவை தெரியும்வரை காத்திருக்காமல் முதலிலேயே மருத்துவரிடம் காட்டுங்கள். அங்கே, “நேற்று மதியம் 12 மணிக்கு வடித்த சோறு, இரவு 8 மணி வரை வெளியில் இருந்தது, 9 மணிக்குச் சாப்பிட்டோம், 11 மணிக்கு வாந்தி வந்தது” என்று சொல்லுங்கள். எந்தக் கிருமியின் வேலை என்று மருத்துவர் கணிப்பதற்கு இந்த விவரங்கள்தான் வழிகாட்டும்.